பிளஸ் சாரும் மைனஸ் மிஸ்ஸும் ஒரு சைக்கிள் பம்பும்

அந்தப் புகுமுகக் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவருக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவர் மைனஸ் மிஸ். காவலாளி முதல் கேன்டீன்காரர் வரை அப்படித்தான் சொன்னார்கள். ஒருமுறை கல்லூரி முதல்வரே ஒலிபெருக்கியில் வாய் தவறி, "மைனஸ் மிஸ் உடனே அலுவலகத்துக்கு வரவும்" என்று அறிவித்துவிட்டுப் பிறகு ஒரு வாரம் அவர் கண்ணில் படாமல் சுற்றினார்.

பெயருக்குக் காரணம் அவரேதான். வெப்ப இயக்கவியல் பாடம் தொடங்கும் நாளில் தோள்பையிலிருந்து ஒரு பழைய இரும்பு சைக்கிள் பம்பை எடுத்து மேசைமேல் 'டங்' என்று வைப்பார். "இந்தக் காற்றை நான் அமுக்கறேன். வேலையோட குறி என்ன?" என்பார். வகுப்பு விழிக்கும். "மைனஸ்! காற்று விரிஞ்சு பிஸ்டனைத் தள்ளினா, காற்று வேலை செய்யுது, அது பிளஸ். நாம காற்றை அமுக்கினா, காற்றுமேல வேலை நடக்குது, அது மைனஸ். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் மைனஸ்னு சொல்லணும்." ஆண்டு முடிவதற்குள் மாணவர்கள் தூங்கிக்கொண்டே அதைச் சொல்லக் கற்றுக்கொள்வார்கள், பெரும்பாலும் அவர் வகுப்பிலேயே.

இதோடு நின்றிருந்தால் வம்பில்லை. மணி அடித்ததும் அதே வகுப்புக்கு வேதியியல் எடுக்க ஒருவர் வருவார். அவரும் அதே பாடத்தைத் தன் புத்தகத்தில் வைத்திருந்தார். "அடைபட்ட வாயுவை அமுக்கினா வேலையோட குறி?" என்பார். வகுப்பே பெருமையோடு, "மைனஸ்!" என்று கத்தும். அவர் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். "யார் சொன்னது? உள்ளே வர்றது பிளஸ், வெளியே போறது மைனஸ். அமுக்கினா வேலை உள்ளே வருது. பிளஸ்!" இவர் பிளஸ் சார்.

பிளஸ் சாரும் மைனஸ் மிஸ்ஸும் கணவன் மனைவி.

அவர்களுக்குள் காதல் வந்ததும் இந்தச் சண்டையில்தான் என்று ஆசிரியர் அறையில் சொல்வார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவர் பலகையில் எழுதிய சூத்திரத்தை அடுத்து வந்தவர் அழித்து மாற்றினாராம். முந்தியவர் திரும்பி வந்து அதை மறுபடி அழித்தாராம். அப்படியே பழக்கமாகி, பழக்கம் கல்யாணமாகிவிட்டது. இரண்டு வழக்கமும் உலகத்தில் உண்டு, பெரும்பாலான இயற்பியல் புத்தகங்கள் ஒரு வழியும் வேதியியல் புத்தகங்கள் இன்னொரு வழியும் போகின்றன என்பது இருவருக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்தும் விட்டுக்கொடுக்கவில்லை. குடும்பம் என்பதே அதுதானே.

வீட்டில் குக்கர் விசில் அடித்தால்கூட, நீராவி மூடியைத் தள்ளுவது பிளஸ்ஸா மைனஸ்ஸா என்று ஆரம்பித்துவிடுவார்கள். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பதில் இருவரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. ஒரே மகள் இந்த இரண்டு குறிகளுக்கும் நடுவில் பதினேழு வருஷம் சோறு தின்று வளர்ந்து, கடைசியில் வரலாறு படிக்கப் போய்விட்டாள். "செத்துப்போன ராஜாக்கள் சண்டை போட்டா நடுவுல உக்காந்து சாப்பிட வேண்டியதில்லைம்மா" என்று காரணம் சொன்னாள்.

மாணவர்கள் எங்கே போவார்கள்? உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. இயற்பியல் தேர்வில் பிளஸ் போட்டால் மிஸ் வெட்டுவார். வேதியியல் தேர்வில் மைனஸ் போட்டால் சார் வெட்டுவார். புத்திசாலிகள் இரண்டு பேனா வைத்துக்கொண்டு, இந்தப் பேனா மிஸ்ஸுக்கு, அந்தப் பேனா சாருக்கு என்று பழகிக்கொண்டார்கள். இயற்கையின் விதி ஆசிரியர் மாறினால் மாறும் என்பதுதான் அவர்கள் கற்றுக்கொண்ட முதல் விதி.

இது இப்படியே ஓய்வுபெறும் வரை ஓடியிருக்கும். அந்த ஆண்டு ஜெராக்ஸ் அம்மா வந்தார்.

ஜெராக்ஸ் அம்மா கல்லூரி வாசலுக்கு எதிரே நகல் எடுக்கும் கடை வைத்திருந்தவர். அவர் மகள் அறிவியலைத் தமிழில் படிக்கும் தமிழ்ப் பிரிவில் இருந்தாள். அரையாண்டுத் தேர்வில் வெப்ப இயக்கவியல் கேள்விக்கு அவளுக்கு முட்டை. ஜெராக்ஸ் அம்மா நேரே போய்க் கல்லூரி முதலாளியின் அறைக் கதவைத் தட்டி, "எம்பொண்ணு ராத்திரி பகலா படிச்சா. விடையும் சரியா வந்திருக்கு. குறி தப்புன்னு வெட்டியிருக்காங்க. ஒரு வாத்தியார் ஒண்ணு சொல்றார், இன்னொரு வாத்தியார் இன்னொண்ணு சொல்றார். பிள்ளைங்க என்ன பண்ணும்?" என்று கேட்டார்.

கல்லூரி முதலாளிக்கு டயர் வியாபாரம். டயர்க்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், அவர் காதில் விழாமல். காற்று அடைத்த எந்தப் பொருளைப் பற்றியும் தனக்குத் தெரியாதது இல்லை என்று நம்புகிறவர். கல்லூரியையும் அந்த வகையில்தான் சேர்த்திருந்தார் போலிருக்கிறது. அவருக்கு நெடுநாளாக ஓர் ஆசை: தமிழ்ப் பிரிவில் அறிவியலை மூடிவிட்டு, அந்த இரண்டு அறைகளையும் குளிர்சாதனம் போட்ட கணினிக் கூடமாக்கி, வாசலில் படம் போட்டுப் பலகை வைக்க வேண்டும். தானாக வந்த வாய்ப்பை விடுவாரா?

மைனஸ் மிஸ்ஸையும் பிளஸ் சாரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"குழப்பத்துக்குக் காரணம் என்னன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. மொழி! இந்த விஷயமெல்லாம் தமிழ்ல சொன்னா குழம்பத்தான் செய்யும்."

"சார், குறிக்கும் மொழிக்கும் சம்பந்தமே இல்ல" என்றார் மிஸ். "இங்கிலீஷ் பிரிவிலயும் இதே குறிதான், இதே குழப்பந்தான்."

"அங்க யாரும் புகார் சொல்லலியே?"

அங்கே யாருக்கும் புரியாததால் புகார் வரவில்லை என்பது மிஸ்ஸின் கருத்து. ஆனால் அதைச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டார்.

டயர்க்காரர் தீர்ப்பு சொன்னார். வரும் சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். அங்கே மேடையில், அத்தனை பெற்றோர் முன்னால், மிஸ் இந்தப் பாடத்தைத் தமிழில் நடத்திக் காட்ட வேண்டும். ஜெராக்ஸ் கடைக்காரிக்கும் புரிய வேண்டும். தனக்கும் புரிய வேண்டும். புரிந்தால் தமிழ்ப் பிரிவு இருக்கும். புரியாவிட்டால் அடுத்த ஆண்டு முதல் தமிழில் அறிவியல் கிடையாது. மிஸ் நூலகத்தில் புத்தகம் அடுக்கலாம்.

"அப்படியே அந்தக் குறியையும் முடிவு பண்ணிடுங்க. ஒரு கல்லூரிக்கு ஒரு குறி போதும்" என்று கடைசியில் சேர்த்துக்கொண்டார்.

தமிழ்ப் பிரிவில் படித்தவர்களுக்கு வேறு கல்லூரி அந்தச் சுற்றுவட்டாரத்தில் இல்லை. ஒன்று அறிவியலை விட வேண்டும், இல்லையென்றால் புரியாத மொழியில் அதை மனப்பாடம் செய்ய வேண்டும். மிஸ்ஸுக்கு நூலகம் பயமில்லை. அந்தப் பிள்ளைகள் நெட்டுருப் போட்டு வாந்தி எடுப்பதை நினைத்தால்தான் பயமாக இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் கணவரிடம், "நீங்களாவது அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"என்னன்னு சொல்ல? ஒரே குறின்னா பிளஸ்ஸே இருக்கட்டும்னா?"

அன்று இரவு பிளஸ் சார் தோசையைத் தானே சுட்டுச் சாப்பிட வேண்டியதாயிற்று.

சனிக்கிழமை. கூட்டத்துக்குப் போட்ட நாற்காலிகள் போதாமல் ஆய்வுக்கூடத்து முக்காலிகளையும் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். மேடையில் ஒரு சைக்கிள் ஸ்டாண்டு போட்டு நின்றது. மிஸ் முந்தின நாளே தன் இரும்புப் பம்பை மேடைக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போயிருந்தார். என்ன செய்யப்போகிறோம் என்பது அவருக்குக் கரதலப் பாடம். முதலில் பம்பின் வாயைக் காற்றில் விட்டுவிட்டு வேகமாக அடிக்க வேண்டும், பம்பு அவ்வளவாகச் சுடாது. பிறகு இறுகிய டயரோடு இணைத்து அதே எண்ணிக்கை அடிக்க வேண்டும். இரும்புக் குழாயின் அடிப்பக்கம் சுட்டுத் தள்ளும். தொட்டுப் பார்க்கிறவர்கள் 'ஸ்ஸ்' என்பார்கள். அந்த 'ஸ்ஸ்'ஸில்தான் பாடம் ஆரம்பமாகும்.

திரையை விலக்கிப் பார்த்தால் இரும்புப் பம்பைக் காணோம். அந்த இடத்தில் பளபளவென்று நீல நிறத்தில் புத்தம் புதிய பிளாஸ்டிக் பம்பு.

"முதலாளி கடையிலிருந்து அனுப்பினாங்க மிஸ்" என்றார் காவலாளி, நல்ல காரியம் செய்த முகத்தோடு. "மேடையில துருப்பிடிச்சது இருந்தா நல்லாருக்காதுன்னு பழசை எடைக்குப் போட்டாச்சு."

மிஸ்ஸுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. பிளாஸ்டிக் வெப்பத்தை எளிதில் கடத்தாது. உள்ளே காற்று கொதித்தாலும் வெளியே தொடுகிற கைக்குத் தெரியாது. ஆனால் யோசிக்க நேரமில்லை. டயர்க்காரர் ஏற்கெனவே மேடையேறி ஒலிவாங்கியைக் கையில் எடுத்து, "நானே பம்பு அடிச்சுக் காட்டறேன்! நாப்பது வருஷம் இதைத்தான் பண்ணினேன்!" என்று அறிவித்துக்கொண்டிருந்தார்.

வேறு வழியில்லாமல் மிஸ் ஆரம்பித்தார். "சைக்கிளுக்குக் காத்தடிச்சவங்க எல்லாருக்கும் தெரியும், பம்பு சுடும். ஏன் சுடுது?"

"உராய்வு!" என்றார் டயர்க்காரர், யாரும் வாயைத் திறப்பதற்குள். "உள்ள இருக்கற வாஷர் குழாயில தேயுது. தேய்ஞ்சா சூடு. கையைத் தேச்சுப் பாருங்க." பெற்றோர் பாதிப்பேர் கையைத் தேய்த்துப் பார்த்துத் தலையாட்டினார்கள். ஆண்டுதோறும் மிஸ்ஸின் வகுப்பும் இதைத்தான் சொல்லும்.

"அடிச்சுப் பாத்துடலாம் சார். டயர் ஏற்கெனவே இறுக்கமாத்தான் இருக்கு. இன்னும் அடிங்க, வேகமா."

டயர்க்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அடித்தார். நாற்பது வருஷத்துக்கு முந்திய உடம்பு இல்லை என்பது பத்தாவது அடியிலேயே தெரிந்தது. மூச்சு வாங்கியது. ஆனால் பெற்றோர் பார்க்கிறார்களே. கைப்பிடி ஒவ்வொரு முறையும் பாதியில் நின்று அடம்பிடித்து மெல்ல இறங்கியது. வேர்த்து விறுவிறுத்து நிறுத்திவிட்டு நீலக் குழாயைத் தடவிப் பார்த்தார்.

"சுடலியே!" என்றார் ஒலிபெருக்கியில்.

கூட்டம் சிரித்தது. முன்வரிசையில் இங்கிலீஷ் பிரிவுப் பெற்றோர் ஒருவர், "விதி விடுமுறையில போயிடுச்சு போல" என்று சொல்ல, இன்னொரு சிரிப்பு. டயர்க்காரர் மிஸ்ஸைப் பார்த்த பார்வையில் இரண்டு அறைகளிலும் குளிர்சாதனப் பெட்டி ஓட ஆரம்பித்திருந்தது. மூன்றாவது வரிசையில் பிளஸ் சார் தலையைக் குனிந்து, தன் செருப்பையே ஆராய்ந்துகொண்டிருந்தார்.

மிஸ்ஸுக்கு முகம் எரிந்தது. அவமானத்தில் பம்பையே வெறித்தார். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. நீலக் குழாய் முடிந்து ரப்பர்க் குழாய் தொடங்கும் இடத்தில், இரண்டையும் பூட்டியிருந்த ஒரு சின்னப் பித்தளைக் கழுத்து. அமுக்கப்பட்ட காற்று முழுவதும் அதன் வழியாகத்தான் டயருக்குப் போக வேண்டும். பிளாஸ்டிக் வெப்பத்தை வெளியே விடாததால் காற்று சூடு குறையாமல் வந்திருக்கும். பித்தளை அதை அப்படியே வாங்கியிருக்கும். சட்டென்று அவர் குரல் மாறியது.

"சார், உங்க பம்பு ரொம்ப நல்ல பம்பு. என்னோடதைவிட நல்லது. ஆறதுக்குள்ள இன்னும் கொஞ்சம் அடிங்க. இப்ப இந்தப் பித்தளையைத் தொடுங்க."

டயர்க்காரர் அடித்தார். குனிந்தார். பித்தளையை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தார்.

"ஸ்ஸ்ஸ்! அம்மாடி!"

அந்த 'அம்மாடி' ஒலிபெருக்கி வழியாகக் கூடம் முழுக்க ஒலித்தது. விரலை உதறிக்கொண்டு வாயில் வைத்துக்கொண்டார். கூட்டம் எழுந்து நின்று பார்த்தது. கல்லூரி வரலாற்றில் இயற்பியல் இவ்வளவு ஆர்வமாகக் கவனிக்கப்பட்டதில்லை.

"வாஷர் இதுவரைக்கும் வர்றதே இல்ல" என்றார் மிஸ். "குழாய்க்குள்ளேயே நின்னுடுது. இந்தப் பித்தளையை எதுவும் தேய்க்கல. உராய்வு கொஞ்சம் இருக்கு, இல்லேன்னு சொல்லல. ஆனா இந்தச் சூடு அதனால வந்ததில்ல. வாயைத் திறந்துவிட்டு அடிச்சா வாஷர் அதே மாதிரி ஏறி இறங்கும், ஆனா பித்தளை சுடாது. வேணும்னா அப்புறமா அடிச்சுப் பாருங்க."

"வேண்டாம்" என்றார் டயர்க்காரர், விரலை எடுக்காமலே.

"அப்ப சூடு எங்கேருந்து வந்துச்சு? அடுப்பு இல்ல. வெயில் இல்ல. முதலாளியோட கையிலிருந்து வந்துச்சு. அவர் பிஸ்டனைத் தள்ளினார். உள்ளே காற்றோட மூலக்கூறுகள் கோடிக்கணக்குல ஓடிட்டே இருக்கு. எதிரே வேகமா வர்ற பிஸ்டன்ல மோதித் திரும்பறப்ப, வந்ததைவிட வேகமாத் திரும்புது. எல்லா மூலக்கூறும் வேகமானா காற்று சூடாச்சுன்னு அர்த்தம். இப்படி உள்ளே ஓடிட்டிருக்கற அத்தனையோட ஆற்றலையும் சேர்த்துத்தான் அக ஆற்றல்ங்கறோம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? முதலாளி வேலையை உள்ளே போட்டார், அது சூடா வந்து அவர் விரலைப் பிடிச்சுது."

கூட்டத்தில் கைதட்டல். மிஸ் விடவில்லை. சைக்கிள் டயரின் வால்வை அழுத்தி, ஜெராக்ஸ் அம்மாவைக் கூப்பிட்டு, சீறி வரும் காற்றின் எதிரில் கையை வைக்கச் சொன்னார்.

"ஜில்லுன்னு இருக்கே!"

"அங்க தலைகீழ். அடைபட்ட காற்று விரியறப்ப, முன்னால இருக்கற காற்றைத் தள்ளிட்டு வெளியே வருது. அதுவே வேலை செய்யுது. வேலை செஞ்சா அக ஆற்றல் குறையும். வெளியிலிருந்து வெப்பம் வந்து ஈடுகட்ட நேரமில்ல. அதனால குளிருது."

"சரி, குறி?" என்றார் டயர்க்காரர். விரல் ஆறியதும் வியாபாரம் நினைவுக்கு வந்துவிட்டது. "பிளஸ்ஸா, மைனஸ்ஸா? இன்னிக்கே முடிவு தெரியணும்."

மிஸ் கணவரைப் பார்த்தார். இத்தனை வருஷம் வகுப்பறையில் சொன்னதையே இங்கேயும் சொல்ல வாய் வந்தது. ஆனால் எதிரில் இருந்தது வகுப்பு இல்லை. மதிப்பெண்ணுக்குப் பயந்து தலையாட்ட இவர்களுக்கு அவசியமும் இல்லை. புரியாவிட்டால் புரியவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள்.

"ஒரு பஸ்ஸை நினைச்சுக்கோங்க. முன்வாசல், பின்வாசல், ரெண்டு கதவு. முன்வாசல் வழியா வர்றது வெப்பம். பின்வாசல் வழியா வர்றது வேலை. உள்ளே இருக்கற கூட்டம் அக ஆற்றல். உள்ளே வந்து நசுங்கி நின்னப்புறம் யார் எந்தக் கதவு வழியா ஏறினாங்கன்னு கண்டுபிடிக்க முடியாது. அதனாலதான் காற்றுக்குள்ள வெப்பம் இருக்கு, வேலை இருக்குன்னு சொல்லக் கூடாது. கதவைத் தாண்டறப்ப மட்டுந்தான் அந்தப் பேரு. உள்ளே இருக்கறது அக ஆற்றல் ஒண்ணுதான். நடுவழியில யாரும் முளைக்கவும் மாட்டாங்க, மாயமாகவும் மாட்டாங்க. அதுதான் முதல் விதி."

"குறி?" என்றார் டயர்க்காரர் மறுபடியும்.

"வேதியியல் சார் பின்வாசல்ல ஏறினவங்களை எண்ணறார். முன்னால ஏறினது, பின்னால ஏறினது, ரெண்டையும் கூட்டினா உள்ளே கூடின கூட்டம். நான் பின்வாசல்ல இறங்கினவங்களை எண்ணறேன். முன்னால ஏறினதுல, பின்னால இறங்கினதைக் கழிச்சா உள்ளே கூடின கூட்டம். பத்துப் பேர் ஏறினாங்கன்னு அவர் சொன்னா, நான் மைனஸ் பத்துப் பேர் இறங்கினாங்கன்னு சொல்றேன். பஸ் ஒண்ணுதான். கூட்டமும் ஒண்ணுதான். எதை எண்ணறோம்னு முதல்லயே சொல்லிட்டா ரெண்டும் சரி."

கூடத்தில் ஒரு நிம்மதி பரவியது. இத்தனை வருஷமாகப் பிள்ளைகள் இரண்டு பேனா வைத்திருந்த ரகசியம் பெற்றோருக்கு அன்றுதான் விளங்கியது. பிளஸ் சார்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார். மிஸ் மனதுக்குள் தமிழ்ப் பிரிவின் கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

ஜெராக்ஸ் அம்மா இன்னும் மேடையில்தான் நின்றிருந்தார். கை குளிர்ந்து இருந்தது. முகம் அப்படி இல்லை.

"ரெண்டும் சரின்னு சொன்னீங்க இல்ல மிஸ்?"

"ஆமாம்மா."

"பரீட்சைல வந்த கேள்வி எனக்குத் தெரியும், நான்தானே நகல் எடுத்தேன். பம்புல இருக்கற காற்றுமேல அறுபது ஜூல் வேலை நடக்குது, பத்து ஜூல் வெப்பம் வெளியே போகுது, அக ஆற்றல் எவ்வளவு கூடுது? எம்பொண்ணு உங்க தாள்ல என்ன எழுதினா தெரியுமா? 'காற்றின் மேல் செய்யப்பட்ட வேலையை பிளஸ் என்று கொள்கிறேன்'னு முதல் வரியிலயே எழுதினா. அறுபதுல பத்து போக அம்பதுன்னு விடை போட்டா. எதை எண்ணறோம்னு முதல்லயே சொன்னா. நீங்க வெட்டினீங்க."

ஜெராக்ஸ் அம்மா மூன்றாவது வரிசைப் பக்கம் திரும்பினார்.

"அடுத்த நாள் வேதியியல். அங்கேயும் அதே மாதிரிக் கேள்வி. பொண்ணு முந்தின நாள் மாத்தி எழுதிட்டோமேன்னு பயந்துபோய் உங்க குறியை அங்க எழுதினா. 'காற்று செய்யும் வேலையை பிளஸ் என்று கொள்கிறேன்'னு அங்கேயும் எழுதினா. வேலை மைனஸ் அறுபது, வெப்பம் மைனஸ் பத்து, வெப்பத்துல வேலையைக் கழிச்சா அதே அம்பது. சார் வெட்டினார். ரெண்டு பேரும் ஒரே வீட்லதானே சோறு தின்றீங்க? இதைப் பத்தி ஒரு நாள்கூடப் பேசிக்கலியா?"

பேசிக்கொள்ளவில்லையா! வேறு எதைத்தான் பேசினார்கள்? குக்கர் முதல் கல்யாணம் வரை இதைத்தான் பேசினார்கள். யார் சரி என்று பேசினார்கள். எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு வெட்டுகிறோம் என்று மட்டும் ஒருநாளும் பேசவில்லை. மிஸ்ஸுக்குக் காது மடல் வரை சூடேறியது. முதல் வரியை அவர் படித்திருந்தார். நன்றாக நினைவிருந்தது. படித்துவிட்டு, இது என்ன அதிகப்பிரசங்கித்தனம் என்று ஒரு கோடு போட்டிருந்தார்.

"சரியாத்தான் எழுதியிருக்கா" என்றார். "நான் வெட்டினதுதான் தப்பு."

மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. பிளஸ் சார் எழுந்து நின்றிருந்தார். "நானும்தான்" என்றார். அவர் மனைவியோடு ஒத்துப்போனதைக் கல்லூரி அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தது.

டயர்க்காரருக்குக் கண் மின்னியது. ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "பாத்தீங்களா? வாத்தியாருங்களே ஒத்துக்கிட்டாங்க! இந்தக் குழப்பத்துக்குத்தான் நான் சொல்றேன், தமிழ்ல அறிவியல் வேணாம்னு. இங்கிலீஷ்ல இருந்தா இந்தப் பிரச்சினையே வராது."

"ஆமாங்க" என்றார் ஜெராக்ஸ் அம்மா. "வந்திருக்காது. இங்கிலீஷ்ல சொல்லியிருந்தா எனக்கு ஒண்ணும் புரிஞ்சிருக்காது. கும்பிட்டுட்டுப் போயிருப்பேன். எம்பொண்ணுதான் தப்புன்னு வீட்ல போய் அவளைத்தான் அடிச்சிருப்பேன். தமிழ்ல சொன்னாங்க. அதனாலதான் தப்பு அவளுது இல்லேன்னு தெரிஞ்சுது."

கைதட்டல் இல்லை. முன்வரிசையில் விதி விடுமுறையில் போன ஹாஸ்யத்தைச் சொன்ன இங்கிலீஷ் பிரிவுப் பெற்றோர் மெல்லத் திரும்பிப் பக்கத்தில் இருந்த மகனிடம், "உன் தாளைக் கொஞ்சம் எடு பாப்போம்" என்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவரும் கேட்டார். கூடம் முழுக்கப் பைகள் திறக்கும் சத்தம். டயர்க்காரர் வியாபாரி, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவர். ஒலிவாங்கியை அணைத்துவிட்டு, தமிழ்ப் பிரிவு இருக்கும் என்றும், தனக்கு இது முதலிலேயே தெரியும் என்றும் பக்கத்தில் இருந்தவர்களிடம் மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவனும் மனைவியும், பிள்ளைகளிடம் திரும்ப வாங்கிய விடைத்தாள் கட்டுகளோடு, சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவர் தாள்களை இவரும் இவர் தாள்களை அவரும் பிரித்தார்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கீழே இருந்த முதல் வரியை இந்த முறை வாய்விட்டுப் படித்தார்கள். யாரும் சண்டை போடவில்லை. வெகுநேரம் கழித்து சார் ஒரு தாளை நீட்டி, "இதுவும் சரிதான் இல்ல?" என்று மனைவியைக் கேட்டார். மிஸ் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அழுகை வந்தது, துடைத்துக்கொண்டு அடுத்த தாளை எடுத்தார். இந்த ஆண்டுக் கட்டாவது கையில் இருக்கிறது. முந்தின ஆண்டுகளின் பிள்ளைகள் தாங்கள்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டே எங்கெங்கோ போய்விட்டார்கள்.